முகவரி முதலில், ஆப் பிறகு

2022 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஓர் ஆண்ட்ராய்டு ஆப்பைப் பிரித்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார்கள். இந்தியாவில் எஸ்.எம்.எஸ். வழியாக வந்த லிங்க்கைத் தட்டியவர்களின் போனில் இறங்கிய ஆப் அது. சின்னமும் பெயரும் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியைச் சொன்னன. வெகுமதிப் புள்ளிகளைப் பணமாக்கித் தருவதாகச் சொல்லி முதலில் போனின் அனுமதிகளைக் கேட்டது, அடுத்து கார்டு விவரங்களைக் கேட்டது. அதன்பின் சத்தமில்லாமல் பின்னணியில் ஓடிக்கொண்டு, போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களை எடுத்து வெளியே அனுப்பியது. அந்த எஸ்.எம்.எஸ்.களில்தான் ஓ.டி.பி. இருக்கும்.

வெளித்தோற்றத்தில் பிசகு எதுவும் தெரியவில்லை. உள்ளே மட்டும் ஒன்று மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு ஆப்புக்கும் திரையில் தெரியும் பெயர் தவிர, போன் அடையாளம் வைத்துக்கொள்ளும் உள்பெயர் ஒன்று உண்டு. இந்த ஆப்பின் உள்பெயர் `com.example.test_app`. ஆப் எழுதக் கற்றுக்கொள்பவர்கள் பயிற்சிக்காக வைக்கும் மாதிரிப் பெயர் அது. கோடிக்கணக்கானவர்களுக்குச் சேவை தரும் எந்த வங்கியும் தன் ஆப்புக்கு அப்படிப் பெயர் வைக்காது. ஆனால் அந்தப் பெயரைப் பார்க்கும் பழக்கம் வாடிக்கையாளர்களுக்கு இல்லை. எங்கே பார்ப்பது என்றும் யாரும் சொல்லித்தரவில்லை.

வங்கி வேலைக்கு இணையதளம் நல்லதா, ஆப் நல்லதா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. ஆப்பே வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. வங்கியின் இணையதளத்தைத் திறந்தே பார்க்காதவர்களும் உண்டு. இரண்டிலும் ஆபத்து இருக்கிறது, ஆனால் அது வரும் இடம் வேறு. இணையதளத்தில் முகவரி சரிதானா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஆப்பில் அந்தச் சோதனை ஒரே ஒரு முறைதான், அதை நிறுவுகிற நாளில். அந்த ஒரு முறை தவறிப்போனால், பிறகு எவ்வளவு கவனமாக இருந்தாலும் பலனில்லை.

எதில் எந்த வேலை

நெட்பேங்கிங்கில் நுழைய யூசர் ஐடி, பாஸ்வேர்டு, ஓ.டி.பி. மூன்றும் தேவை. மூன்றுமே வாடிக்கையாளர் தன் கையால் தட்டச்சு செய்பவை. சரியான இடத்தில் தட்டச்சு செய்யக்கூடிய எதையும் தவறான இடத்திலும் தட்டச்சு செய்ய முடியும். வங்கியின் பக்கத்தை அச்சு அசலாக நகல் எடுத்துப் போலித் தளம் அமைப்பவர்கள், வாடிக்கையாளர் உள்ளிடுவதை அதே நொடியில் உண்மையான வங்கித் தளத்தில் தாங்கள் உள்ளிட்டு நுழைந்துவிடுகிறார்கள். ஓ.டி.பி. சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும் என்பது இந்த வேகத்துக்கு முன்னால் பெரிய காவல் இல்லை.

ஆப் வேறு விதமாக வேலை செய்கிறது. முதல்முறை அமைக்கும்போது அது போனில் உள்ள சிம்மிலிருந்து வங்கிக்கு ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பும். கணக்கில் பதிவான எண்ணிலிருந்துதான் அது வருகிறது என்று வங்கி உறுதி செய்துகொண்டு, அந்தப் போனைக் கணக்கோடு இணைத்துவிடும். அதன்பின் தினமும் நுழைய எம்பின் அல்லது கைரேகை போதும். எம்பின்னை யாராவது எட்டிப் பார்த்துவிட்டாலும், வேறு போனில் அதை மட்டும் போட்டு உள்ளே வர முடியாது. இன்னொரு வசதி, வங்கியின் சர்வர் முகவரி ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. வாடிக்கையாளர் எதையும் தட்டச்சு செய்து தேடிப் போவதில்லை, ஆகவே வழிதவறி வேறு தளத்துக்குப் போகும் வாய்ப்பும் இல்லை.

இதைப் பார்த்தால் ஆப்தான் பத்திரம் என்று தோன்றும். உண்மையான ஆப்பாக இருக்கும் வரை அது சரி. போலி என்றால் நிலைமை தலைகீழ். போலி இணையதளம் வாடிக்கையாளர் அதில் தட்டச்சு செய்ததை மட்டுமே திருட முடியும்; பிரவுசரில் திறந்திருக்கும் ஒரு பக்கத்தால் போனில் உள்ள எஸ்.எம்.எஸ்.களைப் படிக்க முடியாது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு பாஸ்வேர்டை உடனே மாற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். போலி ஆப்போ போனுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. இன்று வந்த ஓ.டி.பி.யையும் படிக்கும், அடுத்த வாரம் வரப்போவதையும் படிக்கும்.

எனவே வேலையைப் பொறுத்துத் தேர்வு செய்வதே வசதி. யு.பி.ஐ. பணப் பரிமாற்றம், இருப்புப் பார்ப்பது, கார்டு தொலைந்தால் அந்த நிமிடமே முடக்குவது போன்ற அவசர, அன்றாட வேலைகளுக்கு ஆப் பொருத்தம். டெபிட், கிரெடிட் கார்டுகளில் இணையப் பரிவர்த்தனையையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வாடிக்கையாளரே திறக்கவும் மூடவும் வழி செய்ய வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையிலேயே இருக்கும் போனில் அதைச் செய்வது எளிது.

ஓராண்டுக் கணக்கு அறிக்கையை எடுத்து வருமான வரிக்காக வரிவரியாகச் சரிபார்ப்பது, வைப்புத்தொகைகளைப் பிரித்துப் போடுவது, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று படிவம் கொடுப்பது, புதிதாக ஒருவரின் நீண்ட கணக்கு எண்ணைச் சேர்த்துப் பெரிய தொகை அனுப்புவது போன்றவற்றுக்கு வீட்டுக் கணினியின் பெரிய திரையில் இணையதளமே நல்லது. சின்னத் திரையில் விரல் வழுக்கி ஓர் இலக்கம் மாறிப்போகும் வேலைகள் இவை.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே கணக்கைப் பார்ப்பவருக்கு ஆப் தேவையே இல்லை, இணையதளம் போதும். போன் பழசாகி, அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டது என்றாலும் அப்படியே. பிரவுசிங் சென்டர் கணினியிலோ அடுத்தவர் போனிலோ இரண்டுமே கூடாது. தட்டச்சு செய்ததைப் பதிவு செய்யும் மென்பொருள் அதில் இருக்கிறதா இல்லையா என்று பயன்படுத்துபவருக்குத் தெரிய வழியில்லை.

முகவரியைக் கடைசியிலிருந்து படிப்பது

ஆப்பை நிறுவுவதானாலும் இணையதளத்தில் நுழைவதானாலும் தொடக்கம் ஒன்றுதான்: வங்கியின் உண்மையான இணைய முகவரி. அதைக் கூகுளில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பலரின் வழக்கம். தேடல் முடிவுகளின் உச்சியில் வருபவை பல நேரம் பணம் கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். போலி வங்கித் தளங்களும், 'கஸ்டமர் கேர்' என்ற பெயரில் மோசடிக்காரர்களின் போன் எண்களும் அந்த வழியாக நுழைந்திருக்கின்றன. ஆகவே முகவரியை எங்கிருந்தாவது எழுத்தில் எடுத்து, பிரவுசரின் முகவரிப் பட்டையில் கையால் தட்டச்சு செய்வதே சரி. டெபிட் கார்டின் பின்பக்கம், பாஸ்புக், கிளையில் உள்ள அறிவிப்பு ஆகியவற்றில் முகவரி இருக்கும்.

இந்திய வங்கிகளைப் பொறுத்தவரை இந்த வேலையை ரிசர்வ் வங்கி இப்போது எளிதாக்கியிருக்கிறது. வங்கிகளுக்கு மட்டுமான தனி முகவரி வரும் என்று 2025 பிப்ரவரியில் அது அறிவித்தது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. இந்த முகவரியைப் பதிவு செய்து தரும் அதிகாரம் ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற அமைப்புக்கு மட்டுமே உண்டு. ரிசர்வ் வங்கி நிறுவிய வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அது. சாதாரண `.com`, `.in` முகவரிகளைச் சில நூறு ரூபாய் கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இதை வங்கியல்லாத ஒருவர் வாங்க முடியாது. ஸ்டேட் வங்கியின் முகவரி இப்போது `sbi.bank.in`. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கிக்கு `indianbank.bank.in`, இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு `iob.bank.in`. பழைய பாஸ்புக்கில் பழைய முகவரியே அச்சாகியிருக்கும். கிளைக்குப் போகும்போது புதியதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இணைய முகவரியைப் படிக்கும் திசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தபால் முகவரியில் ஊரும் மாவட்டமும் கடைசியில் வருவதைப் போல, இணைய முகவரியிலும் உரிமையாளர் யார் என்பது கடைசியில்தான் இருக்கும். `https://` என்பதற்குப் பின், முதல் சாய்கோடு வரும் வரை உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் வால்பகுதியைப் பார்க்க வேண்டும். கீழே உள்ள மூன்றில் முதலாவது மட்டுமே வங்கியின் முகவரி வடிவம். மற்ற இரண்டும் விளக்கத்துக்காகப் புனைந்தவை.

```
https://sbi.bank.in/
https://sbi.bank.in.kyc.example/
https://sbi-bank.example/in/
```

இரண்டாவதில் `sbi.bank.in` என்ற எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் முகவரி அங்கே முடியவில்லை. சாய்கோட்டுக்கு முன் `kyc.example` என்று முடிகிறது. அந்தப் பெயரை வாங்கியவரே அந்தத் தளத்தின் உரிமையாளர். முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் அவர் இஷ்டப்படி ஒட்டிக்கொண்டது. மூன்றாவதில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு வந்திருக்கிறது. 'பேங்க்' என்ற சொல் இருந்தாலும் அது `.bank.in` குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் பத்திரம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வழியில் யாரும் தகவலை எட்டிப் பார்க்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பது வங்கியா திருடனா என்பதை அது சொல்லாது. போலித் தளங்களும் அந்தச் சான்றிதழைச் செலவில்லாமல் வாங்கிக்கொள்கின்றன. தவறான நம்பிக்கை தருகிறது என்பதால் 2023-இல் கூகுள் தன் குரோம் பிரவுசரிலிருந்து பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு போன்

நடைமுறையில் இது எப்படி என்று பார்க்க ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். தஞ்சாவூரில் ஓய்வூதியர் ஒருவர் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கியிருக்கிறார். ஓய்வூதியம் ஸ்டேட் வங்கிக் கணக்கில் வருகிறது. புதுப் போனில் வங்கியின் யோனோ ஆப்பைப் போட வேண்டும். அதே நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: ஆதாரைப் புதுப்பிக்காததால் யோனோ கணக்கு இன்றிரவு முடக்கப்படும், இணைப்பில் உள்ள ஆப்பை நிறுவிப் புதுப்பிக்கவும். வங்கிச் சின்னத்தோடு, `.apk` என்று முடியும் ஒரு கோப்பும் கூடவே வந்திருக்கிறது. அவர் கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்கிறார்.

"அப்பா, அந்தச் செய்தியை அப்படியே விட்டுடுங்க. கோப்பைத் தொடாதீங்க. குரோமைத் திறந்து மேலே நான் சொல்றதை நீங்களே அடிங்க."

"பிளே ஸ்டோர்ல யோனோன்னு தேடினா வந்துடாதாம்மா?"

"வரும்ப்பா. கூடவே வேற எதெதுவோ வரும். வங்கிப் பக்கத்துலேருந்தே போயிடலாம்."

மகள் சொல்வதில் காரணம் இருக்கிறது. பிளே ஸ்டோரில் தேடினாலும் முதலில் விளம்பரம் வரலாம். அத்துடன், கடையே முழுக் காவல் என்று சொல்லவும் முடியாது. 2018-இல் சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கூகுள் பிளே ஸ்டோருக்குள்ளேயே இந்திய வங்கிகளின் பெயரில் போலி ஆப்கள் இருந்ததை வெளிப்படுத்தியது. ஸ்டேட் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ., ஆக்சிஸ், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகிய பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. எந்த ஆப் தன்னுடையது என்று உறுதியாகச் சொல்ல வங்கிக்கு மட்டுமே முடியும். அந்த உறுதிமொழி வங்கியின் சொந்தத் தளத்தில் உள்ள லிங்க்.

அவர் `sbi.bank.in` என்று தட்டச்சு செய்கிறார். பக்கம் திறந்ததும் முகவரிப் பட்டையைத் தட்டி, முழு முகவரியையும் ஒருமுறை படிக்கிறார். போன் திரையில் முகவரி நீளமாக இருந்தால் ஒரு பகுதி மட்டுமே தெரியும் என்பதால் இந்தத் தட்டல் தேவை. பிறகு வங்கியின் பக்கத்தில் யோனோ பற்றிய பகுதிக்குப் போய், பிளே ஸ்டோர் லிங்க்கைத் தேடுகிறார். கிடைத்ததும் உடனே தட்டிவிடாமல், விரலை அதன்மேல் சற்று அழுத்திப் பிடிக்கிறார். லிங்க் எங்கே போகிறது என்று குரோம் ஒரு சிறு பெட்டியில் காட்டுகிறது. கணினியில் என்றால் மவுசை லிங்க்கின்மேல் கொண்டுபோனாலே திரையின் கீழ் மூலையில் முகவரி தெரிந்துவிடும். யோனோ எஸ்.பி.ஐ. ஆப்பின் பிளே ஸ்டோர் முகவரி இது:

```
https://play.google.com/store/apps/details?id=com.sbi.lotusintouch
```

முதலில் பார்க்க வேண்டியது `play.google.com` என்ற பகுதி. லிங்க் உண்மையிலேயே கூகுளின் கடைக்குப் போகிறது என்பதற்கு அது சாட்சி. அடுத்தது `id=` என்பதற்குப் பின் வருவது. தொடக்கத்தில் சொன்ன உள்பெயர் இதுதான். பிளே ஸ்டோரில் ஒரு உள்பெயரில் ஒரே ஒரு ஆப்தான் இருக்க முடியும். திரையில் தெரியும் பெயரையும் சின்னத்தையும் ஒருவர் நகலெடுத்துப் போடலாம், இந்தப் பெயரை அங்கே நகலெடுக்க முடியாது. 'தாமரை' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் வங்கி ஆப்பின் உள்பெயரில் எதற்கு என்று குழம்ப வேண்டாம். உள்பெயர் அழகாக இருக்க வேண்டியதில்லை, வங்கித் தளம் காட்டுவதும் கடையில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் சரி. வங்கிகள் ஆப்களை மாற்றுவதும் புதிதாக வெளியிடுவதும் உண்டு என்பதால், உள்பெயரை மனப்பாடம் செய்து வைப்பதைவிட அன்றைய தேதியில் வங்கித் தளம் எதைக் காட்டுகிறதோ அதோடு ஒப்பிடுவதே நம்பகமானது.

லிங்க்கைத் தட்டியதும் பிளே ஸ்டோர் ஆப் திறந்துகொள்கிறது. ஆப்பின் பெயருக்குக் கீழே வெளியிட்டவரின் பெயராக `State Bank of India` இருக்கிறது. இறக்கியவர்கள் எண்ணிக்கை 10 கோடிக்கும் மேல். ஆப் பற்றிய விவரப் பகுதியைத் திறந்தால் அது கடைக்கு எப்போது வந்தது என்ற தேதி தெரியும். யோனோவை ஸ்டேட் வங்கி அறிமுகப்படுத்தியது 2017 நவம்பரில். அதே பெயரில் போன மாதம் வந்த, சில ஆயிரம் பேர் மட்டுமே இறக்கிய ஆப் ஒன்று கண்ணில் பட்டால் அதை விட்டு விலகிவிட வேண்டும். இவை எல்லாம் துணைச் சான்றுகள். முதன்மைச் சான்று, வங்கித் தளத்திலிருந்து அறுபடாமல் அந்தப் பக்கம் வரை வந்த வழிதான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான். லிங்க் `apps.apple.com` என்ற முகவரிக்குப் போக வேண்டும். சோதனைக் காலத்து ஆப்களுக்கான வேறு வழியிலோ, போனின் அமைப்புக் கோப்பு ஒன்றை நிறுவச் சொல்லியோ ஆப்பைத் தருவதாக யாராவது சொன்னால் அது வங்கி அல்ல.

போலிக் கடையும் வெளிக் கோப்பும்

மோசடிக்காரர்கள் பிளே ஸ்டோரின் பக்கத்தையும் நகலெடுப்பதுண்டு. அதே பச்சைப் பொத்தான், அதே நட்சத்திரங்கள், புகழ்ந்து எழுதிய கருத்துகள் எல்லாம் இருக்கும். ஆனால் அது பிரவுசருக்குள் திறந்திருக்கும் ஒரு சாதாரண வலைப்பக்கம். உண்மையான லிங்க் என்றால் போன் தானாகவே பிளே ஸ்டோர் ஆப்புக்குத் தாவும், 'நிறுவு' என்பதைத் தட்டினால் அங்கேயே வேலை முடிந்துவிடும். போலிப் பக்கத்தில் தட்டினால் பிரவுசர் ஒரு கோப்பை இறக்கும். அதைத் திறந்தால், இந்த மூலத்திலிருந்து வரும் அறியாத ஆப்களை நிறுவ அனுமதி இல்லை என்று போன் தடுக்கும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதியைக் குரோமுக்கு, வாட்ஸ்அப்புக்கு என்று ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாகத் தர வேண்டும். வங்கி ஆப் ஒன்றை நிறுவும்போது இந்தத் தடை குறுக்கே வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பிளே ஸ்டோர் வழியாக நிறுவும்போது இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

இந்தியாவில் கூகுள் இன்னொரு தடுப்பையும் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஆப் எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி போன்றவற்றைக் கேட்குமானால் பிளே புரொடெக்ட் அதை நிறுவ விடாமல் தடுக்கும் திட்டத்தை 2024 அக்டோபரில் அறிவித்தது. அதனால்தான் மோசடிக்காரர்கள் போனில் பேசிக்கொண்டே "பிளே புரொடெக்ட்டை அணைச்சிடுங்க சார், அது இருந்தா அப்டேட் ஆகாது" என்று வழிநடத்துகிறார்கள். அந்தப் பேச்சே அடையாளம்.

அனுமதிகளைப் பார்த்து அசலையும் போலியையும் பிரித்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது நடக்காது. சிம்மைச் சரிபார்க்க எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டியிருப்பதால் உண்மையான வங்கி ஆப்பும் எஸ்.எம்.எஸ். அனுமதியைக் கேட்கும், போலியும் கேட்கும். உள்பெயரைச் சரிபார்ப்பதற்கும் இதே போன்ற எல்லை ஒன்று உண்டு. பிளே ஸ்டோருக்குள்தான் உள்பெயர் தனித்தன்மை கொண்டது. வாட்ஸ்அப்பில் வரும் கோப்புக்கு வங்கியின் உள்பெயரையே ஒருவர் வைத்து அனுப்ப முடியும். போனில் ஏற்கெனவே அசல் ஆப் இருந்தால், கையொப்பம் பொருந்தவில்லை என்று ஆண்ட்ராய்டு அந்தக் கோப்பை நிராகரித்துவிடும். புதுப் போனில் அசல் இல்லாத நிலையில் இந்தக் காவல் வேலை செய்யாது. ஆகவே வெளியிலிருந்து வந்த கோப்பு என்றால், அதில் எதைச் சரிபார்த்தும் பயனில்லை.

வெகுமதிப் புள்ளிகள் இன்றோடு காலாவதியாகின்றன, ஆப்பை இறக்கிப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஸ்டேட் வங்கியின் பெயரில் ஏ.பி.கே. கோப்புடன் சுற்றிய செய்தியை 2024-இல் மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை கண்டறியும் பிரிவு போலி என்று அறிவித்தது. எஸ்.எம்.எஸ்.ஸிலோ வாட்ஸ்அப்பிலோ வங்கி இப்படி லிங்க்கோ ஏ.பி.கே. கோப்போ அனுப்புவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. உறவினர் அனுப்பினார், குடியிருப்போர் சங்கக் குழுவில் வந்தது என்பதால் இது மாறுவதில்லை. பாதிக்கப்பட்ட போனிலிருந்தே அந்தச் செய்தி அடுத்தவர்களுக்குப் போயிருக்கலாம்.

ஏற்கெனவே நிறுவியிருந்தால்

போனில் இருக்கும் வங்கி ஆப் எங்கிருந்து வந்தது என்று இப்போதே பார்த்துவிடலாம். அமைப்புகளில் ஆப்களின் பட்டியலைத் திறந்து, அந்த ஆப்பைத் தட்டி, பக்கத்தின் அடிவரை போனால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் `App details` என்ற வரி இருக்கும். பிளே ஸ்டோரிலிருந்து நிறுவப்பட்டது என்று அதன் கீழ் எழுதியிருக்கும். அதைத் தட்டினால் கடையில் உள்ள பக்கத்துக்கே போய்விடலாம். அந்த வரி இல்லை, அல்லது வேறு மூலத்தின் பெயர் இருக்கிறது என்றால் அந்த ஆப் கடை வழியாக வரவில்லை.

இந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மற்றோர் அறிக்கையில், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக இந்தியர்களுக்கு வந்த போலி வங்கி ஆப்கள் விவரிக்கப்பட்டன. விவரங்களை வாங்கிக்கொண்டபின் தன் சின்னத்தையே திரையிலிருந்து மறைத்துக்கொள்ளும் ஆப்பும் அவற்றில் உண்டு. 'வேலை செய்யவில்லை, தானாகவே போய்விட்டது' என்று போனுக்குரியவர் நினைத்துக்கொள்வார். அமைப்புகளில் உள்ள பட்டியலில்தான் அது அகப்படும்.

அப்படி ஒன்று சிக்கினால் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் போனை ஏர்பிளேன் மோடுக்கு மாற்றி, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, ஓ.டி.பி.க்கள் வெளியே போவதை நிறுத்த வேண்டும். அடுத்து வேறொருவரின் போனிலிருந்து, கார்டின் பின்னால் அச்சாகியிருக்கும் எண்ணில் வங்கியை அழைத்து, நெட்பேங்கிங், கார்டு, யு.பி.ஐ. மூன்றையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் கைமாறி எடுக்கப்படுவதற்கு முன் அதை வழியில் தடுத்து நிறுத்துவதுதான் அந்த எண்ணின் வேலை, ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். பாஸ்வேர்டுகளைப் பாதிக்கப்பட்ட போனில் மாற்றக் கூடாது. புதியதும் அவர்கள் கைக்குப் போய்விடும். வேறு கருவியில் மாற்ற வேண்டும். கடைசியாக அந்த ஆப்பை நீக்கி, போனை முழுமையாக அழித்து முதலிலிருந்து அமைப்பது பத்திரம். அதற்குமுன், திரைப் பிடிப்புகளையும் வந்த செய்தியையும் புகாருக்காக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இழப்பு யாருடையது என்பதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி கொண்டுவந்தது. வாடிக்கையாளர், வங்கி இருவர் பக்கமும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதும் இல்லை. பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ தானே கொடுத்துவிட்ட சூழலில், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போன பணம் வாடிக்கையாளரின் தலையில் விழும்; தெரிவித்தபின் போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. போலி ஆப்பில் விவரங்களை உள்ளிட்டவரை இரண்டாவது வகையில் சேர்க்கவே வங்கிகள் முயலும். எத்தனை மணிக்கு அழைத்தோம், யாரிடம் பேசினோம், புகார் எண் என்ன என்ற குறிப்பு அந்த வாதத்தில் நேரடிச் சான்றாகும்.